சுண்ணாம்பு வாளி மேல் ஒரு பேச்சு

அந்த வாளியின் கைப்பிடி ஒரு பக்கம் கழன்று போய், கம்பி வைத்துக் கட்டியிருந்தது. ஓட்டப் பாதைக்குக் கோடு போடுவதற்குச் சுண்ணாம்பு கரைத்த வாளி. டீச்சர் அதைக் கவிழ்த்துப் போட்டார், செருப்பைக் கழற்றினார், சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நின்றார். ஏறி நின்றும் என் உயரத்துக்குத்தான் வந்தார். எட்டுப் பெண் பிள்ளைகள் மஞ்சள் சட்டையில் அவரைச் சுற்றி நின்றோம். யாராவது சிரித்திருந்தால் அன்றைக்கு அடி விழுந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அவர் பேசியது மூன்று நிமிடம்கூட இருக்காது. அந்த மூன்று நிமிடத்துக்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு காலம் கழித்தும் அதை நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

சிங்கள ஊரான நிவித்திகலைக்கு மேலே, பஸ் போகிற பாதையை விட்டு இரண்டு மைல் உள்ளே, எங்கள் தோட்டத்துப் பாடசாலை. தொண்ணூறுகளின் கடைசி. நான் பத்தாம் வகுப்பு. எங்கள் தோட்டத்தில் மேலே தேயிலை, கீழே ரப்பர். மேல் டிவிஷன் ஆட்கள் கொழுந்தெடுப்பார்கள். கீழ் டிவிஷனில் நாங்கள் பால் வெட்டுகிறவர்கள். ஒரே கோயில், ஒரே திருவிழா, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. ஆனால் அதற்கு முந்தைய வருஷத்து வேலைநிறுத்தத்தில், இரண்டாம் நாளே கீழ் டிவிஷன் ஆட்கள் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். என் அப்பாவும் போனார். அன்றிலிருந்து மேல் டிவிஷன் எங்களைக் காட்டிக்கொடுத்த கூட்டம் என்றது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பெண்கள் குடத்தை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டார்கள். கோயில் பொங்கலில் இரண்டு பானை வைத்தார்கள். பெரியவர்கள் பேசாமல் விட்டால் பிள்ளைகளுக்கு என்ன வரும்? நாங்களும் பேசுவதில்லை.

இந்த லட்சணத்தில், பாடசாலை விளையாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகளைப் பிரித்த இல்லங்களில் ஒன்றான எங்கள் முல்லை இல்லத்தின் கயிறு இழுக்கும் அணியில் மேல் டிவிஷன் பிள்ளைகள் நாலு பேர், கீழ் டிவிஷன் பிள்ளைகள் நாலு பேர். முன்னால் நிற்பது மேல் டிவிஷன் பெரிய கங்காணியின் மகள். கடைசியில் கயிற்றைத் தோளில் போட்டு நிற்பது நான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு பேரும் முப்பது அடிக் கயிறும் இருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் முதல் நாளே முடியைப் பிடித்திருப்போம். அவள் என்னைப் பார்த்து, "பால் வெட்டுறவன் மகளுக்கு இழுக்கவா தெரியும், ஓடத்தானே தெரியும்" என்று சொன்னாள். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

டீச்சர் எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர்தான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். தொண்டர் ஆசிரியை. அதாவது வேலை முழு வேலை, நியமனம் மட்டும் இல்லை. பெற்றார் சங்கம் கொடுக்கிற ஏதோ கொஞ்சத்தில் சமூகக் கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்கென்று ஆசிரியர் இல்லாததால் அதையும் அவர் தலையில் கட்டினார்கள். கயிறு இழுப்பதைப் பற்றி அவருக்கு அந்த வருஷம் வரைக்கும் ஒன்றுமே தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படவும் இல்லை. நிவித்திகலைச் சிங்களப் பாடசாலையின் விளையாட்டு மாஸ்டரிடம் போய் விதிமுறைக் கடதாசியைக் கேட்டு வாங்கி, இரவல் கொடுத்த இரண்டே நாளில் தமிழில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். மூக்குக்கு மேல் கோபம் வரும். கையில் அகப்பட்டதை எறிவார். ஒருமுறை எறிந்த டஸ்டர் பாடசாலை அதிபரின் கண்ணாடி வரைக்கும் போனது. அப்புறம் அவரே தேடிப்போய் மன்னிப்புக் கேட்டு, திரும்பி வந்து எங்களைத்தான் திட்டினார்.

கயிறு இழுப்பதைச் சும்மா பலம் என்று நினைக்கிறார்கள். இல்லை. தோட்டத்து லொறி தார்ப்பாயைக் கட்டுகிற கயிற்றை ஃபெக்டரியில் கேட்டு வாங்கி, ஒரு நுனியை வாகை மரத்தில் கட்டி, டீச்சர் எங்களை முதலில் மரத்தோடுதான் இழுக்க வைத்தார். உள்ளங்கை இரண்டும் மேல்நோக்கி, கயிறு கக்கத்துக்கு அடியில். கையில் சுற்றக் கூடாது, சுற்றினால் விரல் போய்விடும். குந்தக் கூடாது, குந்தினால் எச்சரிக்கை. கடைசியில் நிற்கிறவள் மட்டும் கயிற்றை முதுகுப் பக்கமாகக் குறுக்கே எடுத்துத் தோள் வழியாக விடலாம், முடிச்சுப் போடக் கூடாது. வெறுங்கால். குதிகாலை மண்ணில் குத்தி, முழங்காலைப் பூட்டி, உடம்பைப் பலகை மாதிரி பின்னால் சாய்த்துவிட்டால் எட்டுப் பேரின் கனமும் கயிற்றில் தொங்கும். அதற்குப் பெயர் பிடி. எதிரி இழுத்து இழுத்துக் களைக்கட்டும் என்று பிடியில் கிடக்க வேண்டும். அவன் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து எட்டுப் பேரும் ஒரே நொடியில் ஒரு சின்ன அடி பின்னால் வைக்க வேண்டும். அதுதான் இழுவை. எட்டுப் பேரில் நாலு பேர் முந்தி, நாலு பேர் பிந்தினால் அது இழுவை இல்லை, உதறல்.

நாங்கள் உதறிக்கொண்டே இருந்தோம். டீச்சர் விசிலடித்தால் மேல் டிவிஷன் பிள்ளைகள் விசில் சத்தத்தோடு இழுப்பார்கள். நாங்கள் வேண்டுமென்றே ஒரு மூச்சு பிந்தி இழுப்போம். அவர்களோடு சேர்ந்து இழுத்தால் அவர்கள் சொன்னதைக் கேட்ட மாதிரி ஆகிவிடுமாம், அப்படி ஒரு கொழுப்பு. ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் விசிலைக் கழற்றிப் பற்றைப் புதருக்குள் எறிந்தார்.

"உங்க ஆத்தா அப்பன் பீலிக்கரையில சண்டை போடட்டும். கயித்துல போடாதீங்கடி. நாளைக்கு வாங்க, விசில் இல்லாம ஒண்ணு கொண்டாறேன்" என்றார்.

மறுநாள் கொண்டுவந்தது ஒரு பாட்டு. அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து எழுதியிருந்தார். டீச்சருக்குப் பாட வராது. அவர் குரல் காகம் இருமுகிற மாதிரி இருக்கும். அதனால் பாடாமல் காலால் தட்டித் தட்டிச் சொல்லித்தான் காட்டினார். முன்னால் நிற்கிற நாலு பேர் ஓர் அடி எடுக்க, பின்னால் நிற்கிற நாலு பேர் மறு அடியைக் கொடுக்க வேண்டும்.

கொழுந்து மலையும் எங்க மலை
பாலு மலையும் எங்க மலை
அட்டை கடிச்சாலும் அசைய மாட்டோம்
அடமழை பேஞ்சாலும் நகர மாட்டோம்
பிடிச்ச பிடிய —
விட மாட்டோம்!

முதல் அடி மேல் டிவிஷனுக்கு, இரண்டாம் அடி எங்களுக்கு. அட்டை தேயிலைக்காரர்களின் பாடு. மழை ரப்பர்க்காரர்களின் பாடு. மழை பெய்தால் கொழுந்தெடுக்கலாம், பால் வெட்ட முடியாது, வீட்டில் அடுப்புக் குளிர்ந்துவிடும். அதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. எட்டுப் பேருக்கும் அது வயிற்றிலேயே தெரியும். "பிடிச்ச பிடிய" என்று முன்னால் ஒருத்தி தனியே எடுக்க, "விட மாட்டோம்" என்பது எட்டுப் பேருக்கும் பொது. அந்த அடி முடிந்ததும் வாயை மூட வேண்டும். காலை ஒருமுறை மண்ணில் இடிக்க வேண்டும். அந்த இடியில்தான் இழுவை. பாட்டெல்லாம் பிடிக்கு. பாட்டு நிற்கிற இடம் இழுவைக்கு.

"பாடிக்கிட்டே இழுத்தா மூச்சு வாய் வழியாப் போயிடும், பலமும் போயிடும். பாட்டு நின்னதும் இழு. மறந்தீங்க, தொலைச்சிடுவேன்" என்றார். ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அதுதான் நாங்கள் மூச்சு எடுக்கிற நேரம். அவர் அதைக் கணக்குப் பார்த்து எழுதினாரா, தானாக வந்து விழுந்ததா, எனக்குத் தெரியாது. வாகை மரம் அன்றைக்கு முதல் முறையாக ஆடியது. கங்காணி மகள் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஆனால் பாட்டில் அவள் அடி முடிந்தால் என் அடி வந்தே ஆக வேண்டும். அவள் விட்ட இடத்தில் நான் எடுக்காவிட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். மூன்று வாரம் இப்படி ஒருத்திக்கு ஒருத்தி பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், வாய் பேசாமல் எத்தனை நாள் இருப்பது? ஒருநாள் அவள் முள்ளை எடுக்க ஊசி கேட்டாள், கொடுத்தேன். அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது.

போட்டிக்கு முந்தைய நாள் பின்னேரம், சுண்ணாம்பு வாளியை அலுவலக விறாந்தையில் வைக்க நானும் கங்காணி மகளும் தூக்கிப் போனோம். உள்ளே அதிபரின் குரல். ஒட்டுக் கேட்க வேண்டுமென்று நின்றோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"டீச்சர், அந்தப் பாட்டு நாளைக்கு வேணாம்."

"ஏங்க சேர்?"

"லயத்துப் பேச்சுல இருக்கு, அது ஒண்ணு. அதைக்கூட விடலாம். நாளைக்கு யார் வர்றாங்கன்னு தெரியும்தானே? தோட்டத்துத் துரை வர்றார். பொலிஸ் பெரியவர் வர்றார், அவர்தான் லவுட்ஸ்பீக்கருக்குப் பெர்மிட் தந்தவர். அவர் முன்னுக்கு எட்டுத் தமிழ்ப் புள்ளைங்க நின்னு 'விட மாட்டோம், விட மாட்டோம்'னு கத்தினா என்னா நினைப்பாங்க? காலம் கெட்ட காலம். இந்த ஊர்ல நம்ம எத்தனை பேரு?"

அதிபரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். அவர் பயம் பொய்ப் பயம் இல்லை. யுத்த காலம், கொழும்பில் குண்டு வெடித்தால் அன்று ராத்திரியே பொலிஸ்காரர்கள் எங்கள் லயத்தில் டோர்ச் அடித்துத் தேடுவார்கள். அடையாள அட்டை கையில் இல்லை என்று என் அண்ணனை மூன்று நாள் வைத்திருந்து விட்டார்கள். திரும்பி வந்த அண்ணன் ஒரு மாதம் ரோட்டுப் பக்கமே போகவில்லை. கடைக்குப் போனாலும் தமிழில் சத்தமாகக் கூப்பிடாதே என்று அம்மா சொல்வாள். அப்படியிருக்க, அதிபர் பயந்ததில் என்ன தப்பு? ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"வெற்றி பெறுவோம்னு மாத்திடுங்க. இல்லாட்டி நீங்க நாளைக்கு கிரவுண்டுக்குள்ள வர வேணாம், விருந்தாளிங்க டென்ட்ல தேத்தண்ணிய பாருங்க. உங்க நியமன விண்ணப்பம் என் மேசையில இருக்கு. நான் சிபாரிசு எழுதணும். அதையும் யோசிங்க."

டீச்சர், "தேத்தண்ணி பாக்குறேன் சேர்" என்றார். பாட்டை மாற்றுகிறேன் என்று சொல்லவே இல்லை.

கங்காணி மகளும் நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினோம். சுண்ணாம்புத் தண்ணீர் என் பாவாடையெல்லாம் சிந்தியது. பீலிக்கரையில் நின்றுதான் மூச்சு விட்டோம். "மத்தவங்களுக்குச் சொல்லாதடி, பயந்துருவாளுங்க" என்று அவள் சொன்னாள். எனக்கும் அதே நினைப்பு. ஒரு வருஷமாக எங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அந்த ஒரு ரகசியத்தைக் காத்ததுதான்.

மறுநாள் காலை. இல்லங்களின் கூடாரங்களுக்கு மூங்கில் நட்டு, தென்னோலைத் தோரணம் கட்டி, எங்களுடையதற்கு மஞ்சள் கடதாசி ஒட்டியிருந்தோம். கீழே ரோட்டில் துரையின் ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் டீச்சர் எங்களைக் கூடாரத்துக்குப் பின்னால் கூப்பிட்டு, வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றார். அவர் சொன்னதை என் ஞாபகத்தில் இருக்கிறபடியே எழுதுகிறேன்.

"நல்லாக் கேட்டுக்கோங்க, ஒருக்காதான் சொல்லுவேன். இன்னைக்கு நான் கோட்டுக்குப் பக்கத்துல நிக்க மாட்டேன். கை காட்ட மாட்டேன், கத்த மாட்டேன். ஏன்னு கேக்காதீங்க. நான் இல்லைன்னு யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பிப் பார்த்தா பிடி தளரும். உங்களுக்கு ஒரு பாட்டு இருக்கு. இது அழகான பாட்டு இல்ல. வானொலியில போட மாட்டாங்க. நான் எழுதினேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க, நான் எங்கடி எழுதினேன்? உங்க வீட்டுல தினம் பேசுறதைக் கொண்டாந்து கோர்த்தேன். முன்னுக்கு நாலு பேரு கேப்பீங்க, பின்னுக்கு நாலு பேரு பதில் சொல்வீங்க. முன்னுக்குள்ளவ பின்னுக்குள்ளவளைக் கண்ணால பாக்க முடியாது. கயித்துல எல்லாரும் ஒரே பக்கம்தான் பாப்பீங்க. அவ இருக்காளா, விட்டுட்டாளான்னு உனக்கு எப்பிடித் தெரியும்? அவ பாட்டு கேக்குதுல்ல, அதுதான். அவ சத்தம் கேக்குற வரைக்கும் அவ இருக்கா. அதுக்குத்தான் பாட்டு. ஜெயிச்சா வாங்க, தேத்தண்ணி தாறேன். தோத்தாலும் வாங்க, தாறேன். விட்டுட்டு மட்டும் வந்துராதீங்க. இப்ப மெதுவா ஒருக்காப் பாடுங்க பாப்பம்."

பாடினோம். ரகசியம் பேசுகிற மாதிரி மெதுவாக. அவர் வாளி மேல் நின்றே குதிகாலால் இடித்தார், டொம் என்று. இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே விருந்தாளிகளின் கூடாரத்துக்குப் போய்விட்டார். வாளியின் அடியில் காய்ந்திருந்த சுண்ணாம்பில் இரண்டு பாதத் தடம் பதிந்திருந்தது.

இறுதிப் போட்டி மருத இல்லத்தோடு. அவர்கள் போன வருஷமும் ஜெயித்தவர்கள். அவர்களுடைய மாஸ்டர் கோட்டுக்கு அருகில் குனிந்து நின்று கையை ஆட்டிக் கொடுக்கிறார். எங்கள் பக்கம் வெறும் புல். நடுவராக வந்திருந்தவர் டீச்சருக்குக் கடதாசி கொடுத்த அதே சிங்கள மாஸ்டர். அவர் எங்கள் பக்கத்தைப் பார்த்து, "டீச்சர் கோ?", டீச்சர் எங்கே, என்று கேட்டார். கயிற்றை எடுத்தோம், இறுக்கினோம். நடுவில் கட்டிய சிவப்பு ரிப்பன் கோட்டுக்கு நேரே நின்றது. இழு என்றதும் பாட்டை எடுத்தோம்.

மூன்று முறையில் இரண்டை வென்றவர்களுக்குத்தான் கிண்ணம். முதல் முறையிலேயே அந்தத் தப்பைச் செய்துவிட்டோம். கூட்டத்தைக் கண்டதும் வந்த வெறியில் பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டே இழுத்தோம். எட்டுப் பேரின் மூச்சும் வாய் வழியாகப் போனது. குதிகால் கழன்றது. எங்களைப் பன்னிக்குட்டியை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போனார்கள். கோட்டைத் தாண்டி விழுந்தபோது என் தோளில் தோல் உரிந்திருந்தது. பக்கம் மாறினோம். கடைசியில் நின்று பாட்டைத் தவிர எதற்கும் வாயே திறக்காத நான், அன்றைக்குக் கத்தினேன்: "அடியே, பாட்டு நின்னதும் இழுங்கடி! நிக்கிறதுக்கு முன்னுக்கு இல்ல!" முன்னாலிருந்து கங்காணி மகளின் குரல் வந்தது: "சரிடி. நீ பதில் சொல்லு, போதும்."

இரண்டாவதில் பிடியில் கிடந்தோம். ஒருமுறை முழுப் பாட்டும் பாடி, நிறுத்தி, இடித்து, ஓர் அடி. மறுபடி பாடி, நிறுத்தி, ஓர் அடி. மருதத்தின் மாஸ்டர் வேகவேகமாகக் கையை ஆட்டினார், பிள்ளைகள் உதறி உதறிக் களைத்தார்கள். நாலாவது முறை பாட்டு நின்றபோது ரிப்பன் எங்கள் கோட்டுக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று.

மூன்றாவதற்கு முன்னால் அதிபர் எழுந்து வந்தார். வியர்த்திருந்தது. எங்கள் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில், "சத்தம் போடாம இழுங்க புள்ளைகளா, நல்லாத்தான் இழுக்கிறீங்க, பாட்டு என்னத்துக்கு?" என்றார். கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டார். விருந்தாளிகளின் கூடாரத்தில் காக்கிச் சட்டை தெரிந்தது. அண்ணன் திரும்பி வந்த நாளன்று கதவுக்குப் பின்னால் நின்ற விதம் ஞாபகம் வந்தது. இப்போது பாடாமல் இருந்தால் யாரும் எங்களைக் குறை சொல்லப் போவதில்லை. டீச்சர்கூடச் சொல்ல மாட்டார். முன்னால் கங்காணி மகள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது, அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது. அவள் அசையவில்லை. நடுவர் கையை உயர்த்தினார், இறக்கினார்.

கயிறு இறுகியது. ஒரு நொடி, இரண்டு நொடி. சத்தம் இல்லை. விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். அப்புறம் அவள் எடுத்தாள், அந்தப் பெரிய குரலில்: கொழுந்து மலையும் எங்க மலை. எங்கள் நாலு பேரும் பதில் சொன்னோம். அட்டை அவர்களுக்கு, மழை எங்களுக்கு. பிடிச்ச பிடிய. விட மாட்டோம்! எங்கள் வாய் மூடியது, மைதானமே அமைதியானது, எட்டுக் கால் இடித்தது. அந்த இடியோடு சேர்ந்து விருந்தாளிகளின் கூடாரத்திலிருந்து இன்னோர் இடி. பலகைத் தரையில் ஒரு குதிகால். கூடவே கோப்பைகள் எல்லாம் தட்டில் கலகலவென்று குலுங்கிய சத்தம். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பிடி தளரும். ஒவ்வொரு முறையும் கோப்பைகள் குலுங்கின. ஆறாவது குலுங்கலில் மருத இல்லம் கோட்டைத் தாண்டி எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

கிண்ணம் கொடுக்க வந்தவர் பொலிஸ் பெரியவர்தான். கங்காணி மகளிடம், "மொகத்த துவே ஒய கிவ்வே?" என்று கேட்டார், என்ன மகள் நீங்கள் சொன்னது என்று. அதிபரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் அவரை நேராகப் பார்த்து, "கம்பே அத்தரின்னே நே கிவ்வே, சேர்" என்றாள். கயிற்றை விட மாட்டோம் என்று சொன்னோம். அவர் அவளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், அவளுடைய உள்ளங்கையில் உரிந்திருந்த தோலைப் பார்த்தார். "ஹா, ஹொந்தாய்", சரி நல்லது, என்று கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுக்குத்தான் எல்லோரும் அவ்வளவு பயந்தோம். வேறு விதமாக நடந்திருக்கவும் கூடும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், அந்தக் காலத்தை அறிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

தேத்தண்ணி கொடுத்தார் டீச்சர். சீனி கூடப் போட்டு, பாலும் விட்டு, விருந்தாளிகளின் கோப்பையிலேயே. "முதல் இழுவை கேவலம்" என்றார். பாராட்டு அதுதான். ஆனால் சிபாரிசு எழுதப்படவில்லை. விண்ணப்பம் மேசையிலேயே கிடந்து நாள் கடந்துபோனது. அந்த வருஷக் கடைசியில் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கேகாலைப் பக்கம் வேறொரு தோட்டத்துப் பள்ளிக்குத் தொண்டராகவே போனார். நாலு வருஷம் பிந்தி, பரீட்சை எழுதித்தான் நியமனம் வாங்கினார். நாலு வருஷச் சம்பளம், நாலு வருஷ சேவைக்காலம், ஒரு பாட்டுக்காக. மேலும் கீழும் அன்றோடு ஒன்றாகிவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. பொங்கலுக்கு ஒரே பானை வைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. ஆனால் எட்டுப் பெண் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பீலிக்கரையில் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இன்றைக்கு அதே பாடசாலையில் நான் ஆசிரியை. விளையாட்டும் என் தலையில்தான். இந்த வருஷம் இல்லப் பாடல்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். திரும்பி வந்த தாளில், டீச்சரின் பாட்டுக்குக் கடைசி வரியான 'விட மாட்டோம்' என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறதாம், வேறு நல்ல சொல் போடலாமாம். இப்போது யுத்தமும் இல்லை, டோர்ச் வெளிச்சமும் இல்லை, ஆனாலும் வட்டம் போடுகிற பேனா தீரவே இல்லை. ஆத்திரத்தில் டீச்சருக்குப் போன் எடுத்தேன். ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கிறது, குரல் மட்டும் இன்னும் மோசமாகியிருக்கிறது.

"பாட்டு எனக்கு மறந்துபோச்சுடி, நீ பாடு" என்றார்.

நான் போனிலேயே பாடினேன். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தி, அந்த வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். என்ன செய்யட்டும் டீச்சர் என்று கேட்டேன்.

அவர் கேட்டார்: "சுண்ணாம்பு வாளி இருக்கா?"

"இருக்குங்க டீச்சர்."

"அப்ப கவுத்துப் போட்டு ஏறுடி."

எனக்கு வாளி தேவையில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் என்னைவிட உயரமான டீச்சர் கிடையாது. ஆனாலும் நேற்றுக் காலை மஞ்சள் சட்டை போட்ட எட்டுப் பிள்ளைகளைக் கூடாரத்துக்குப் பின்னால் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றினேன். ஏறி நின்றேன். நல்லாக் கேட்டுக்கோங்க, ஒருக்காதான் சொல்லுவேன் என்றேன்.